கரண்டை அளக்காமலே "சப்ளை சரியில்லை" என்று ரிப்போர்ட் கொடுத்தவர்கள்: ஏமாந்த கதை

சிங்கப்பூரில் உபி பக்கம் ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இட்லி மாவும் மசாலாப் பொடியும் அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். போன வருடம் விடியற்காலையில் மிளகாய் மெஷின் அடிக்கடி ஓவர்லோடில் நின்றது. மோட்டாரைத் தொட்டால் கை சுடும். லைட் வேறு மினுக்கும்.

"பவர் குவாலிட்டி சர்வே" செய்கிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. கட்டணம் 1,800 வெள்ளி. மதியம் இரண்டு மணிக்கு எங்கள் யூனிட்டின் மின்விநியோகப் பெட்டியான டிபியில் மீட்டரை மாட்டி நாலு மணிக்குக் கழற்றினார்கள். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்போம், மெஷின் எதுவும் ஓடாது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இருபது பக்க ரிப்போர்ட் வந்தது. வெளியிலிருந்து வரும் சப்ளையில் ஏற்ற இறக்கம் இருக்கிறதாம், மூன்று பேஸ் சர்வோ ஸ்டெபிலைசர் போட வேண்டுமாம். 7,400 வெள்ளி. போட்டேன். லைட் முன்பைவிட மோசமாக மினுக்கியது, ஒரு தடவை இறங்கி, உடனே எகிறி. பத்து நாளில் காரிடாரில், மாடிகளுக்கு மின்சாரம் ஏறிப்போகும் ரைசர் அறைப் பக்கம் பிளாஸ்டிக் கருகுகிற வாசம் வர ஆரம்பித்தது.

விஷயத்தைப் பிடித்தது எங்களிடம் வேலை பார்க்கும் அக்காதான். "தம்பி, எல்லா லைட்டும் இல்ல, நடு வரிசை மட்டும்தான் கண்ணடிக்குது. மிளகாய் மெஷின் போடுறப்பதான்." மூன்று வரிசை, மூன்று பேஸ். நடு வரிசை மஞ்சள் பேஸ்.

தெரிந்தவர் மூலமாக, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ள ஒரு எலக்ட்ரிக்கல் அண்ணனைக் கூப்பிட்டேன். ரிப்போர்ட்டைப் புரட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கரண்ட் எங்கே?" கரண்டை அளக்கும் கிளாம்ப் மாட்டவே இல்லை, வோல்டேஜை மட்டும் எடுத்திருக்கிறார்கள். வோல்டேஜ் விழும்போது நம் கரண்ட் ஏறியிருந்தால் நம் சுமைதான் அதை இழுக்கிறது. நம் கரண்ட் ஏறாமலே விழுந்தால் காரணம் மேலே, சப்ளைப் பக்கம். கரண்ட் இல்லாமல் இதைச் சொல்லவே முடியாது. போதாததற்கு அதில் இருந்தவை எல்லாம் பத்து நிமிடச் சராசரி. அரை நொடி வோல்டேஜ் இறங்கி ஏறினால் சராசரியில் அது காணாமல் போய்விடும். மினுக்கலுக்கென்றே பி.எஸ்.டி. என்று ஓர் எண் உண்டு, 1ஐத் தாண்டினால் கண்ணை உறுத்தும் என்று கணக்கு. அந்தப் பக்கமே ரிப்போர்ட்டில் இல்லை.

அண்ணன் ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு இரண்டு ரெக்கார்டர் வைத்தார். ஒன்று கீழே கட்டடத்தின் மெயின் போர்டில், ஒன்று எங்கள் டிபியில், ஒரு வாரம், கரண்டோடு சேர்த்து. மெஷின் எல்லாம் ஓடும்போது கீழே மூன்று பேஸும் 235 வோல்ட் சுற்றி நேராக நின்றன. எங்களிடம் சிவப்பும் நீலமும் 234, மஞ்சள் 225. மெஷினை நிறுத்தினால் மூன்றும் சமம். மினுக்கல் எண் கீழே 0.4, எங்கள் மஞ்சளில் 1.6.

30 ஆம்பியர் ஓடும்போது 9 வோல்ட் காணாமல் போகிறது என்றால் வழியில் எங்கோ 0.3 ஓம் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரே இடத்தில் 270 வாட் சூடு. மிளகாய் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் 55 ஆம்பியருக்கு 16.5 வோல்ட் சட்டென்று விழும், அதுதான் அக்கா பார்த்த கண்ணடிப்பு. பேஸ்களுக்கிடையே சமமின்மை கணக்கில் 1.3 சதவீதம்தான், சப்ளைக்கு வழக்கமாகச் சொல்லும் 2 சதவீத எல்லைக்குள். ஆனால் மோட்டாரில் கரண்டின் சமமின்மை அதைப்போல ஆறு முதல் பத்து மடங்கு வரும். அதனால்தான் ஓவர்லோட் தட்டியது.

அதே ரைசரில் பக்கத்து யூனிட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆக எல்லா மாடிக்கும் மின்சாரம் கொண்டுபோகும் உலோகப் பட்டையான மெயின் பஸ்பார் நன்றாக இருக்கிறது, பழுது எங்களுக்குப் பிரியும் இடத்தில். கட்டட நிர்வாகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பவரை நிறுத்தியது. ரைசரில் எங்கள் டேப்-ஆஃப் பெட்டியைக் கழற்றினால், மஞ்சள் பேஸின் கவ்வி ஸ்பிரிங் தளர்ந்து கரிந்திருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் தேநீர் நிறத்தில், விரலால் அழுத்தினால் உதிர்ந்தது.

ஸ்டெபிலைசர் செய்த வேலை இதுதான்: குறைந்த மஞ்சளை உயர்த்திக் கொடுக்க, அதே கரிந்த கவ்வி வழியாக இன்னும் அதிகக் கரண்டை இழுத்திருக்கிறது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, கவ்வியைக் கையில் கொடுத்தார்.

பெட்டியை மாற்றிய பிறகு மஞ்சளுக்கும் மற்ற இரண்டுக்கும் வித்தியாசம் 1 வோல்ட். கம்பெனியிடம் பணத்தைக் கேட்டால், "ரிப்போர்ட் அன்றைய அளவீட்டின்படி சரி" என்று ஒரே வரி மின்னஞ்சல். ஸ்டெபிலைசர் உளுந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது.