பாதி மாதத்தில் வேலையை விடுகிறீர்களா? கையெழுத்துக்கு முன் கணக்கைப் பாருங்கள்

மணலியில் ஒரு குடோனில் மூன்று வருடம் பில்லிங் வேலை பார்த்தேன். மாதச் சம்பளம் 18,600 ரூபாய். 2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமையோடு வேலையை விட்டேன். கடைசி செட்டில்மென்ட்டில் அந்த மாதச் சம்பளமாக 9,600 ரூபாய் போட்டிருந்தார்கள். 20 நாளுக்கு இது குறைவாயிற்றே என்று அக்கவுண்ட்ஸில் கேட்டேன்.

"அக்கா, மாசத்துக்கு 31 நாள். நீங்க வந்தது 16 நாள். சிஸ்டம் போட்ட கணக்குதான்" என்றார் அங்கிருந்த தம்பி. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். திருவொற்றியூருக்கு ஷேர் ஆட்டோவில் வரும்போதுதான் உறைத்தது.

18,600-ஐ 31-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 600 ரூபாய். மாதத்தின் எல்லா நாளையும் வைத்து வகுத்தால், ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு 600 போய்விடுகிறது. அப்படியென்றால் நான் வேலையில் இருந்த நாட்களை எண்ணும்போதும் ஞாயிறு சேர வேண்டும். 1 முதல் 20 வரை 20 நாள், ஆக 12,000 ரூபாய். அவர்கள் 4, 11, 18 ஆகிய மூன்று ஞாயிறையும் ஆகஸ்ட் 15-ஐயும் கழித்து 16 ஆக்கியிருந்தார்கள். ஆகஸ்ட் 15 தமிழ்நாட்டில் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அதைக் கழித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஞாயிறை எண்ணாமலும் கணக்குப் போடலாம், தப்பில்லை. ஆனால் அப்போது வகுக்கும் நாளிலும் பெருக்கும் நாளிலும் ஞாயிறை எண்ணக்கூடாது. அந்த மாதத்தில் நான்கு ஞாயிறு போக 27 நாள். எனக்கு மூன்று ஞாயிறு போக 17 நாள். 18,600-ஐ 27-ஆல் வகுத்து 17-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 11,711 ரூபாய். முறைக்கு முறை இந்த மாதிரி சில நூறு வித்தியாசம் வரும். எந்த முறை என்பதை நியமனக் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். என் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் எந்த நேர்மையான முறையிலும் 9,600 வராது.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அவர்கள் எனக்குப் போட்ட அதே கணக்கை, மாதம் முழுக்க லீவே போடாமல் வந்தவருக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு ஞாயிறும் ஆகஸ்ட் 15-ம் போக அவர் வந்தது 26 நாள். 600 வீதம் 15,600 ரூபாய்தான் வரும். முழு மாதம் உழைத்தவருக்கே முழுச் சம்பளம் வரவில்லை என்றால் அந்தக் கணக்கு தப்பு. மாத நடுவில் சேருகிறவர்களும் முதல் சம்பளத்தை இப்படியே சோதிக்கலாம்.

மறுநாள் இதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். "கையெழுத்து போட்டாச்சே, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று மேனேஜர் அனுப்பிவிட்டார். நான் போட்டது பாக்கி எதுவும் இல்லை என்ற தாள். 2,400 ரூபாய், எங்கள் வீட்டு அரிசிக்கும் கேஸுக்கும் ஆகிற பணம். இப்போது தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க பே ஸ்லிப்பையும் வருகைப் பதிவு நகலையும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் அந்தத் தாளை அவர்கள் நீட்டும்போதே, எத்தனை நாளால் வகுத்தீர்கள், எத்தனை நாளால் பெருக்கினீர்கள் என்று எழுதி வாங்குங்கள்.