இரண்டாம் முறை பார்த்தால் நிற்கும் சண்டை எது?

அலமாரியில் இடமில்லை என்பதால் என்னிடமிருந்த சண்டைப் பட வட்டுகளில் பாதியைக் கொடுத்துவிட வேண்டியதாயிற்று. எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய ஒவ்வொன்றிலும் முக்கியமான சண்டையை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் முறை மூச்சை நிறுத்திய சில படங்கள் இரண்டாம் முறை வெறும் சத்தமாகத் தெரிந்தன. சுமார் என்று ஒதுக்கியிருந்த சில, உட்கார வைத்துவிட்டன. எந்தப் பாணியைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பவர்களுக்கு அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பாணிகளை ஒரு கோட்டில் வைக்கலாம். ஒரு முனையில் பறக்கும் சண்டை, கம்பி கட்டி மரத்துக்கு மரம் தாவும் சீன வாள்வீரர் படங்கள். மறு முனையில் நிஜத்துக்கு நெருக்கமான சண்டை, இரண்டு பேர் கட்டிப் புரண்டு மூச்சு வாங்குவது. நடுவில் ஹாங்காங்கின் பழைய குங்ஃபூ பாணி. அடிகள் நடனம் போலக் கோக்கப்பட்டிருக்கும், ஆனால் விழுகிறவர் நிஜமாகவே தரையில் விழுவார். நான் அதிகம் வைத்துக்கொண்டது இந்த நடுப் பகுதியைத்தான்.

பறக்கும் சண்டையை நம்ப முடியவில்லை என்பவர்களோடு வாதிட மாட்டேன். புவியீர்ப்பு உங்களை உறுத்தினால் அது உங்களுக்கான பாணி இல்லை. ஆனால் 2000-இல் வந்த ஆங் லீயின் ‘க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ படத்தை மூங்கில் காட்டுக் காட்சிக்காக மட்டும் நினைவு வைத்திருப்பவர்கள், அதில் மிஷெல் யோவும் ஜாங் ஸியியும் ஆயுதக் கூடத்தில் மோதும் சண்டையை மறுபடி பார்க்க வேண்டும். பெரும்பாலும் தரையிலேயே நடக்கிறது. இளையவளான ஜாங் ஸியியிடம் எதையும் வெட்டும் வாள் இருக்கிறது. மூத்தவள் ஒவ்வோர் ஆயுதமாக எடுத்து வருகிறாள், பலவும் துண்டாகின்றன. ஒன்று அவளால் சுழற்றவே முடியாத எடை. கைத்திறனில் மூத்தவள் மேல், ஆயுதத்தில் இளையவள் மேல் என்பது வசனத்தின் தயவில்லாமலே புரிந்துவிடுகிறது. சண்டையை அமைத்தவர் யூன் வூ-பிங். அந்த வட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

சரி, நிஜ பாணிக்கு வருவோம். நான் அதிகம் ஏமாந்தது இங்கேதான், ஏனென்றால் ‘நிஜம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன.

முதலாவது, கேமராவை ஆட்டி, வேகமாக வெட்டி, குழப்பத்தையே நிஜமாகக் காட்டுவது. 2007-இல் வந்த ‘தி போர்ன் அல்டிமேட்டம்’ படத்தின் டான்ஜியர் வீட்டுச் சண்டை இதற்குத் தலைசிறந்த உதாரணம். புத்தகம், துண்டு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் ஆயுதமாகிறது. ஒரு ஷாட் இரண்டு நொடி நின்றாலே அதிகம். முதல் முறை நெஞ்சு படபடக்கும், அதை மறுக்கவில்லை. இரண்டாம் முறை பார்த்தபோது யார் கை எங்கே போகிறது என்று தேடினேன், பல இடங்களில் கிடைக்கவில்லை. சண்டை அமைப்பில் குறையில்லை, அது கேமராவுக்குப் பின்னால் மறைந்துகிடக்கிறது. இந்தப் படமாவது தெரிந்தே அப்படிச் செய்தது. இதைப் பார்த்துப் பின்னால் வந்த பல படங்கள், சண்டை தெரியாத நடிகரையும் டூப்பின் முகத்தையும் மறைக்கவே கேமராவை ஆட்டின. அவற்றை யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, பிடிச்சண்டை. ஸ்டீவன் சோடர்பெர்க்கின் ‘ஹேவயர்’ (2011) படத்தில் நிஜமாகவே எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலை வளையத்தில் சண்டையிட்ட ஜினா கரானோ நடித்திருக்கிறார். ஓட்டல் அறைச் சண்டையில் பின்னணி இசை இல்லை. கேமரா விலகி நின்று பார்க்கிறது. கடைசியில் அவர் எதிராளியின் கழுத்தைக் கால்களுக்கிடையே சிக்கவைத்து மூச்சைத் திணறவைக்கிறார். உடல் எடை, களைப்பு, பொருள்கள் மோதும் ஓசை எல்லாம் நிஜம். இந்த வகைக்கு ஓர் இயல்பான சங்கடம் உண்டு. பிடி இறுகுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு முழங்கை சற்றே திரும்பியதில் சண்டை முடிந்திருக்கும், பார்க்கிற நமக்கு இருவர் அசையாமல் கிடப்பதாகத் தோன்றும். நான் எந்தக் கலையும் பயின்றதில்லை. ஜூஜுட்ஸு என்ற பிடிச்சண்டைக் கலையைப் பயின்றவருக்கு அதே காட்சி திறந்த புத்தகமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் என் தீர்ப்பை இந்த இடத்தில் தள்ளிவைத்துவிடலாம்.

அப்போது எனக்கு முடிவு செய்துகொடுத்தது எது? அடி கிளம்புவதும், படுவதும், பட்டவர் உடல் அதற்குப் பதில் சொல்வதும் கண்ணுக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கிறதா என்பதுதான். கிடைத்தால் சண்டையில் ஒரு கதை இருக்கிறது, மறுபடி பார்க்கும்போது முன்பு கவனிக்காத ஒரு வரி அதில் தென்படும். கிடைக்காவிட்டால் இருப்பது பரபரப்பு மட்டும், அது ஒரு முறைக்குத்தான் வரும்.

ஹாங்காங்காரர்கள் இதை எடிட்டிங் மேசையிலேயே தீர்த்தார்கள். அகலமான ஷாட்டில் உதை கிளம்பி எதிராளியைத் தொடும். அங்கே வெட்டி நெருக்கமான ஷாட்டுக்குப் போகும்போது, விட்ட இடத்திலிருந்து தொடராமல் சில பிரேம்கள் பின்னால் போய், அந்த உதை படும் கணத்தை மறுபடி ஒரு துளி காட்டுவார்கள். ஷாட் மாறியதும் கண் புதிய படத்துக்குப் பழக ஒரு கணம் பிடிக்கும், அந்தக் கணத்தில் அடி தொலைந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இது. இரண்டு முறை காட்டினார்கள் என்பதே நமக்குத் தெரியாது, அடி பலமாக விழுந்ததாக மட்டும் உணர்வோம். ஆட்டிப் பிடிக்கும் பாணியில் நேர்மாறாக, அடி படுவதற்குச் சற்று முன்பே வெட்டிவிடுவார்கள். தொட்டதைப் பார்க்கவே மாட்டோம், ஓசைதான் தொட்டது என்று சொல்லும்.

ஒரு சண்டையை எடுத்துப் பார்க்கலாம். 1972-இல் புரூஸ் லீயே இயக்கி நடித்த ‘தி வே ஆஃப் தி டிராகன்’ படத்தில், ரோமின் கொலோசியத்தில் அவரும் சக் நோரிஸும் மோதுவது. முதலில் அடிதடியே இல்லை. இருவரும் சட்டையைக் கழற்றி உடம்பைத் தளர்த்திக்கொள்கிறார்கள், ஒரு பூனைக்குட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. சண்டை தொடங்கியதும் நோரிஸ்தான் மேலோங்குகிறார், லீ தரையில் விழுகிறார். எழுந்தவர் பழைய மாதிரி ஊன்றி நிற்பதில்லை. கால்கள் துள்ளத் தொடங்குகின்றன. எதிராளியின் வீச்சு எட்டாத தூரத்தில் நின்று, உள்ளே புகுந்து அடித்துவிட்டு வெளியே வருகிறார். அதுவரை பட்ட அடிகள் இப்போது காற்றில் போகின்றன. திருப்பம் முழுவதும் கால்களில் இருக்கிறது. கேமரா தலை முதல் பாதம் வரை காட்டுவதால்தான் அது நமக்கு எட்டுகிறது. இடுப்புக்கு மேல் மட்டும் காட்டியிருந்தால் லீ ஏன் திடீரென்று ஜெயிக்கிறார் என்றே புரிந்திருக்காது.

அப்புறம் நோரிஸின் கையும் காலும் முறிகின்றன. லீ தலையசைத்து, போதும், வேண்டாம் என்கிறார். நோரிஸ் கேட்காமல் மறுபடி வருகிறார், உயிர் போகிறது. லீ அவருடைய சட்டையையும் கறுப்பு பெல்ட்டையும் எடுத்து உடல்மேல் போர்த்துகிறார். நிஜச் சண்டை இப்படி நடக்காது என்பது உண்மை. ஆனால் தோற்பவர் ஏன் தோற்றார், எந்த இடத்தில் திரும்பியது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிற சண்டை இது. மூன்றாம் முறை பார்த்தபோதுதான், தரையில் கிடக்கும் லீயின் முகத்தில் பயத்தைவிடக் கணக்கு அதிகம் தெரிகிறது என்பதைக் கவனித்தேன்.

இந்தப் பாணிக்கும் குறைகள் உண்டு. அடிகளின் தாளம் சில படங்களில் அவ்வளவு சீராக இருக்கும், எதிராளி தன் முறைக்குக் காத்திருப்பது தெரிந்துவிடும். கூட்டச் சண்டையில் முன்னே இருப்பவர்களை விட்டுப் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். கையை ஓங்கியபடி ஒன்றும் செய்யாமல் குதித்துக்கொண்டிருந்தால் அமைப்பு பலவீனம். இன்னொன்று வேகத் தந்திரம். நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 22 பிரேமில் எடுத்து வழக்கமான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் சற்றே விரைவாகத் தெரியும். கைகால்களில் அது தெரியாது. விழும் ஆளையும் பறக்கும் துணியையும் பார்த்தால் பிடிபடும், கனத்துக்கு மீறிய அவசரத்தில் கீழே வரும். கொஞ்சமாக இருந்தால் எனக்கு உறுத்துவதில்லை.

கோட்டின் நிஜ முனையில் இருந்தும் என் சோதனையில் தேறிய படம் கேரத் எவன்ஸ் இந்தோனேசியாவில் எடுத்த ‘தி ரெய்ட்’ (2011). அந்த ஊர்த் தற்காப்புக் கலையான சிலாட் அடிப்படையிலான சண்டை, கேமரா கையில்தான் இருக்கிறது, ஆடவும் ஆடுகிறது. ஆனால் அடி போகும் திசையிலேயே கேமராவும் போகிறது, சுவரில் மோதும் உடலோடு அதுவும் நிற்கிறது. ஆட்டம் தப்பில்லை, அடிக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம்தான் தப்பு என்று புரியவைத்தது இது. கடைசியில் சகோதரர்கள் இருவரும் ஒரே ஒருவனை எதிர்க்கும் நீண்ட சண்டையில், மூவர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பது எனக்கு ஒருபோதும் குழம்பவில்லை. ரத்தம் மிக அதிகம், அதைத் தாங்காதவர்கள் விலகிப் போகலாம்.

‘ஜான் விக்’ (2014) நிஜ பாணிக்கும் ஹாங்காங் பாணிக்கும் இடையில் நிற்கிறது. இயக்குநர் சாட் ஸ்டஹெல்ஸ்கி, ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தில் கீனு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். ஜூடோ எறிதல்களும் துப்பாக்கியும் கலந்த அமைப்பு, அகலமான ஷாட், ரீவ்ஸ் பயிற்சி எடுத்துத் தானே செய்கிறார். பார்க்கத் தெளிவு. ஆனால் எதிராளிகள் பெரும்பாலும் பெயரற்றவர்கள், இரண்டு நொடியில் விழுந்துவிடுகிறார்கள், அதனால் திருப்பம் என்று ஒன்று அமைய இடமில்லை. முதல் பாகத்தை வைத்துக்கொண்டேன், அடுத்தவற்றைக் கொடுத்துவிட்டேன்.

வாங்கும் முன் ஒரு படத்தைச் சோதிக்க ஒரு நிமிடக் காட்சி கிடைத்தால் போதும். ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு ஷாட்டுக்குள் எத்தனை அடி பரிமாற்றம் நடக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுகூட முழுதாக இல்லையென்றால் சந்தேகப்படலாம், நாலைந்து இருந்தால் நடிப்பவர்களுக்குச் சண்டை தெரியும். பாதங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, காலில் அடிபட்டவர் அடுத்த காட்சியில் நொண்டுகிறாரா என்பது. நொண்டினால், அந்தப் படத்தை எந்தப் பாணியில் எடுத்திருந்தாலும் நான் அலமாரியில் இடம் ஒதுக்குகிறேன்.