வாட்ச்சுக்குச் சில்வர் பேட்டரின்னு 350 ரூபாய் வாங்கிட்டு 377A போட்டு அனுப்பறாங்க, பார்த்துக்கோங்க

வயிறு எரியுது. கோர்வையா வராது, பொறுத்துக்கோங்க. போனது 2,250 ரூபாய். பேட்டரிக்கு 350, அந்தப் பேட்டரி ஒழுகிக் கெடுத்த மெஷினை மாத்த 1,900. கல்லு வச்ச வாட்ச்செல்லாம் இல்லை. மூணு முள்ளும் ஒரு தேதிக் கட்டமும் இருக்கற சாதாரண வாட்ச்.

கல்யாணத்தப்போ மாமனார் கட்டிவிட்டது. அதனால விக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. முன்ன இருந்த பேட்டரி ரெண்டரை வருஷத்துக்கு மேல ஓடுச்சு. நின்னதும் ஈரோட்டுல பெரிய கடையாப் பார்த்துப் போனேன். பேரு சொல்ல மாட்டேன். ஏசி போட்டு, கண்ணாடி அலமாரியில நாலஞ்சு கம்பெனி வாட்ச்சை அடுக்கி, ஓரத்துல ரிப்பேர் மேசை போட்டிருக்கற மாதிரிக் கடை. ரோட்டோரத்துல வேண்டாம், கடையில போட்டா நல்லதா இருக்கும்னு நம்மாளுங்க போற அதே மாதிரிக் கடைதான்.

மேசையில இருந்த பையன் மூடியைக் கழட்டிப் பழைய செல்லை எடுத்தான். "377 பேட்டரிங்ணா. சாதா போட்டா 100, சில்வர் போட்டா 350. சில்வருன்னா மூணு வருஷம் கவலையில்லீங்க"ன்னான். சில்வரே போடுப்பான்னேன். டப்பாவுக்குள்ள கையை விட்டுப் புதுசு ஒண்ணு எடுத்தான். அட்டை எதுவும் என் கண்ணுல காட்டலை. ஆனா மீட்டரை எடுத்து ரெண்டு முனையையும் செல்லுல வச்சு, "பாருங்கண்ணா, 1.56 காட்டுது. சுத்த சில்வரு"ன்னு என் பக்கம் திருப்பிக் காட்டினான். அந்த இடத்துலதான் நம்பினேன். மீட்டர் வச்சுக் காட்டறவன் ஏமாத்துவான்னு யாருங்க நினைப்பாங்க? பழைய செல்லைக் குப்பை டப்பாவுல போட்டுட்டான். பில்லுல "பேட்டரி 1, 350" அவ்வளவுதான்.

நாலு மாசம் கூட ஆகலை. வினாடி முள்ளு ஒவ்வொரு வினாடிக்கும் நகராம, ரெண்டு வினாடிக்கு ஒருக்கா ரெண்டு கோடு தாண்டித் தாண்டிப் போச்சு. இது வாட்ச் கெட்டுப் போனதில்லை. செல்லோட வோல்ட்டேஜ் இறங்கிடுச்சு, மாத்துன்னு மெஷினே சொல்ற அடையாளம். எல்லா மெஷின்லயும் இருக்காது, என்னோடதுல இருக்கு. கடைக்குப் போன் போட்டேன். "சில்வரு போட்டதுக்கு அப்படி ஆகாதுங்க, எங்காச்சும் அடிபட்டிருக்கும்"ன்னாங்க. நேர்ல போனா அந்தப் பையன் லீவு, அவன்தான் பார்க்கணும். மறுபடி போனா ஓனர் அவினாசி போயிருக்காரு. "வச்சுட்டுப் போங்க, ரெண்டு நாள்ல கூப்பிடறோம்"ன்னாங்க. வச்சுட்டும் வந்தேன். ஒருத்தரும் கூப்பிடலை. நானே போய்க் கேட்டா மூடியைக் கூடத் திறக்காம அப்படியே எடுத்துக் கையில குடுக்கறாங்க. "நல்லாத்தானுங்க ஓடுது, போடுங்க." ஓடிட்டுத்தான் இருந்துச்சு, ரெண்டு ரெண்டாத் தாண்டிக்கிட்டு.

இந்த இழுத்தடிப்புலதான் மெஷினே போச்சு. அன்னிக்கே திறந்திருந்தா 350-ஓட முடிஞ்சிருக்கும், 2,250 ஆகியிருக்காது.

ஒருநாள் சுத்தமா நின்னுருச்சு. வேற வேலையா கோபிக்குப் போனப்போ அங்க மரப்பெட்டி மேசை போட்டு உட்கார்ந்திருக்கற ஒரு பெரியவர்கிட்டக் குடுத்தேன். மூடியைத் திறந்ததும், "ஏனுங் தம்பி, யாருங்க இதைப் போட்டது?"ன்னார். செல்லோட ஓரத்துல வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி இருந்துச்சு. செல்லைத் தொடற தகடு பச்சையாக் கறுத்துப் போயிருந்துச்சு. சிமிட்டாவுல செல்லை எடுத்துத் துடைச்சு, கண்ணுல மாட்டற லென்ஸையும் என்கிட்டக் குடுத்து, நீங்களே படிங்கன்னார். இதுதான் இருந்துச்சு:

```
LR626
377A
```

"இதுல எங்கீங்க சில்வரு?"ன்னார்.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிடறேன், அதுக்குத்தான் இந்தப் பதிவே. செல் மேல இருக்கற முதல் எழுத்து உள்ள இருக்கற சரக்கைச் சொல்லுது. S-னா சில்வர் ஆக்சைடு. L-னா ஆல்கலைன், அதாவது ஆல்கலைன்னு போட்டு விக்கற பென்சில் பேட்டரியில இருக்கற அதே வகை. C-னா லித்தியம், அது மூணு வோல்ட்டு, கதையே வேற. ரெண்டாவதா வர்ற R வட்டம்னு அர்த்தம். அடுத்து வர்ற நம்பர் அளவு: 626-ல முதல் 6 குறுக்களவு மில்லிமீட்டர்ல, பின்னாடி 26 உயரம் 2.6 மில்லிமீட்டர். குறுக்களவை முழுசாச் சொல்லாம புள்ளிக்குப் பின்னாடி இருக்கறதை விட்டுடறாங்க, நிஜத்துல 6.8. CR2032-ம் இப்படித்தான், 20 மில்லி அகலம், 3.2 உயரம்.

ஆக என் வாட்ச்சுக்கு வேண்டியது SR626SW. அதுக்குக் கடைக்காரங்க வச்சிருக்கற சுருக்க நம்பர் 377. எனக்குப் போட்டது LR626, அதுக்கு 377A. AG4-ன்னும் போட்டிருக்கும். அளவு அச்சு அசல் ஒண்ணு. கச்சிதமா உட்காரும், வாட்ச்சும் ஓடும். 377-க்குப் பின்னாடி குட்டியூண்டா ஒரு A, அதுலதான் என் 2,250 ரூபாய் போச்சு. "377 போட்டேன்"ன்னு சொன்னவன் வாயில பொய்யே இல்லாத மாதிரி ஆயிருது பாருங்க.

அப்போ மீட்டர் 1.56 காட்டுச்சேன்னு கேட்டேன். பெரியவர் சிரிச்சுட்டார். புது ஆல்கலைன் செல்லும் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல காட்டும், புது சில்வரும் அங்கதான் காட்டும். சும்மா மீட்டர் வச்சு ரெண்டையும் பிரிக்கவே முடியாது. வித்தியாசம் ஓட ஓடத்தான் தெரியும். சில்வர் செல் கடைசி வரைக்கும் அந்த 1.55-ஐ விடாமப் பிடிச்சுக்கிட்டிருந்து, முடியற நேரத்துல படக்குன்னு விழும். ஆல்கலைன் முதல் நாள்ல இருந்தே கொஞ்சங்கொஞ்சமாச் சரியும். அதனாலதான் என் வாட்ச் நாலு மாசத்துலயே தாண்ட ஆரம்பிச்சுது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். முள் வாட்ச் மெஷின் இழுக்கறது ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஆம்ப். 377 செல்லுல சுமார் 25 மில்லி ஆம்ப்-அவர் இருக்கு. வகுத்தா 25,000 மணி நேரம், மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. முன்ன இருந்த செல் ஓடுனதும் அவ்வளவுதான். அதே அளவு ஆல்கலைன்ல இருப்பே குறைவு, அதுவும் முழுசா உதவாது. டப்பாவுல எத்தனை வருஷம் கிடந்த செல்லோ, அது வேற.

ஓட்டம் குறைஞ்சதைக் கூட விட்டுடலாங்க, ஒழுகினதுதான் வினை. ஆல்கலைன் செல்லுக்குள்ள இருக்கற கார நீர் சீல் வழியாக் கசிஞ்சு வந்து, காத்துப் பட்டு வெள்ளையாப் பூக்கும். செம்பைத் தொட்டா பச்சை பிடிக்கும். மெஷினுக்குள்ள இருக்கற காயில் தலைமுடியை விட மெல்லிசான செம்புக் கம்பி. அது ஒரு இடத்துல அரிச்சு அறுந்தாப் போதும், எந்தப் பேட்டரி போட்டாலும் ஓடாது. பெரியவர் மீட்டரைக் காயில்ல வச்சுக் காட்டினார், முள்ளு அசையவே இல்லை. "தொடைச்சுக் குடுத்து உங்க காசை வாங்க எனக்கு மனசு வரலீங், மெஷினைத்தான் மாத்தோணும்"ன்னார். 1,900. வாங்கினதுக்குப் பில்லும், உள்ள போட்ட SR626SW செல்லோட அட்டையும் குடுத்தார்.

அந்த ஒழுகின செல்லையும் எடுத்துக்கிட்டு ஈரோட்டுக் கடைக்குப் போனேன். இப்போ ஓனர் இருந்தார். "377தானுங்க போட்டிருக்கோம்"ன்னார். A-வைக் காட்டினேன். "அது கம்பெனி அடையாளமுங்க." LR-ஐக் காட்டினேன். "இது எங்க கடைச் செல்லுன்னு என்னங்க அத்தாட்சி? வெளியில யார்கிட்டயோ கழட்டிட்டு வந்துட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்லீங்." பில்லுல சில்வர்னு இல்லையாம். வேணும்னா அடுத்த பேட்டரிக்கு 50 ரூபாய் குறைச்சுக்கறாராம். 2,250 போனவனுக்கு 50 ரூபாய்!

எப்படி உஷாரா இருக்கறதுன்னு விளக்கமா எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுதக் கோபம்தான் வருது. தோணறதை மட்டும் சொல்றேன்.

பழைய செல்லைக் கையில வாங்கி நம்பரைப் போட்டோ எடுத்துக்கோங்க. ஆனா அதையும் முழுசா நம்பாதீங்க, முன்ன போட்டவனும் தப்பாப் போட்டிருக்கலாம். மெஷின் தகட்டுலயே பல வாட்ச்ல நம்பர் பொறிச்சிருக்கும், அதுதான் சரி. புது செல்லை அட்டையில இருந்து உங்க கண் முன்னாடி கிழிக்கச் சொல்லுங்க. பில்லுல SR626SW-ன்னு முழுசா எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

621, 626 ரெண்டும் ஒரே அகலம், உயரம் மட்டும் 2.1, 2.6. 626 இருக்க வேண்டிய இடத்துல 621-ஐப் போட்டுத் தகட்டை நெம்பி விடறவங்களும் இருக்காங்க. கையை ஆட்டினா நிக்கும், அப்புறம் ஓடும். கடைசியில SW-க்கு பதிலா வெறும் W இருந்தா அது லைட், அலாரம் இருக்கற வாட்ச்சுக்கு. 377-க்கு ஜோடி 376. அளவு ஒண்ணுதான், முள் வாட்ச்சுக்கு SW போதும்.

வெயில்ல சார்ஜ் ஆகற வாட்ச்சுன்னா இந்த நம்பர் எதையும் உள்ள விடாதீங்க. அதுக்குள்ள இருக்கறது MT621 மாதிரித் திரும்பச் சார்ஜ் ஏறற செல். SR621 அளவுலயே இருக்கும், ஆனா சாதா செல்லுக்குச் சார்ஜ் ஏத்தினா ஒழுகும், வெடிக்கவும் செய்யும். நின்னு போன வாட்ச்சை அப்படியே டிராயர்ல போடாம செல்லை முதல்ல கழட்டிடுங்க. கழட்டின செல்லைக் குழந்தைங்க கைக்கு எட்டற இடத்துல வைக்காதீங்க.

கடை பேரை இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். நீங்க போற கடையில அட்டையைக் காட்டச் சொல்லுங்க.