எண்பது கிலோவுக்கு எத்தனை பெக்? எடைக் கணக்கா, ஆண்-பெண் கணக்கா, உடல் நீர்க் கணக்கா

கல்லூரி முடிக்கும்போது என் எடை 60 கிலோ. இப்போது 80. நடுவில் ஏறிய அந்த 20 கிலோவால் ஒரே ஒரு லாபம் உண்டு, முன்னைவிட அதிகமாகக் குடித்தாலும் தாங்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன வருடம் பெங்களூரில் பழைய வகுப்புக்காரர்கள் மூன்று பேர் கூடியபோது அந்த நம்பிக்கை உடைந்தது. நான், இன்னமும் 60 கிலோவிலேயே நிற்கும் ஜிம் பைத்தியமான ஒரு நண்பன், அதே 60 கிலோவில் ஒரு தோழி. மூவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கு இரண்டு லார்ஜ் விஸ்கி குடித்தோம். ஊதிப் பார்க்கும் சின்ன மெஷின் ஒன்றை நண்பன் வைத்திருந்தான். கடைசி மடக்குக்குப் பிறகு கால் மணி நேரம் காத்திருந்து ஊதினோம். காத்திருக்காவிட்டால் வாயில் ஒட்டியிருக்கும் சாராயத்தையும் சேர்த்து எண்ணிவிடும். ரத்தத்தில் சாராயம் எனக்கு 0.047 சதவீதம், அவனுக்கு 0.050, அவளுக்கு 0.074. "இருபது கிலோ எக்ஸ்ட்ரா வச்சிருக்க, மூணு பாயின்ட்தானாடா வித்தியாசம்?" என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து என் அளவைத் தீர்மானிக்க மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

முதலாவது எடைக் கணக்கு. கிலோ கூடினால் போதை குறையும். பாரில் எல்லோரும் சொல்வது இதுதான். இதன்படி என் ரத்தத்தில் சாராயம் நண்பனுக்கு இருப்பதில் முக்கால் பங்குதான் இருந்திருக்க வேண்டும். மெஷின் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டாவது ஆண்-பெண் கணக்கு. எரிக் விட்மார்க் என்ற ஸ்வீடன்காரர் 1932இல் வெளியிட்ட சூத்திரம் இது. எடையை ஆணுக்கு 0.68ஆலும் பெண்ணுக்கு 0.55ஆலும் பெருக்கி, குடித்த சாராயத்தின் கிராமை அதனால் வகுக்க வேண்டும். உலகம் முழுக்கத் தடயவியல் ஆட்கள் இதையும் இதிலிருந்து பிறந்தவற்றையும் பயன்படுத்துகிறார்கள். எடைக் கணக்கைவிட மேல்தான், எங்கள் தோழி விஷயத்தை ஓரளவு விளக்குகிறது. ஆனால் அந்த இரண்டு எண்களும் 20 ஆண்களையும் 10 பெண்களையும் அளந்து எடுத்த சராசரி. தொப்பை போட்ட ஆணுக்கும் ஜிம்மில் கிடக்கும் ஆணுக்கும் அதே 0.68தான்.

மூன்றாவது, நான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கும் உடல் நீர்க் கணக்கு. குடித்த சாராயம் உடம்பில் நீர் இருக்கும் இடமெல்லாம் பரவும், கொழுப்புக்குள் அநேகமாகப் போகாது. தசை மாதிரியான கொழுப்பில்லாத பகுதியில் சுமார் 73 சதவீதம் நீர், கொழுப்பில் மிகக் கொஞ்சம். ஆக, நாம் கேட்க வேண்டியது எத்தனை கிலோ என்பதையல்ல, எத்தனை லிட்டர் என்பதை.

என் உடம்பில் 32 சதவீதம் கொழுப்பு. 80 கிலோவில் அதைக் கழித்தால் 54.4 கிலோ, அதில் 73 சதவீதம் என்றால் 39.7 லிட்டர் நீர். நண்பனுக்கு 12 சதவீதம்தான் கொழுப்பு. 60 கிலோவில் மீதி 52.8, நீர் 38.5 லிட்டர். இத்தனை வருடம் பிரியாணி தின்று நான் சேர்த்த 20 கிலோ, அவனைவிட எனக்குக் கூடுதலாகத் தந்தது ஒரு லிட்டர் சொச்சம் நீர்! இன்னும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய தொட்டி என்று நினைத்திருந்தேன். உண்மையில் அதே தொட்டிக்கு வெளியே பஞ்சு சுற்றியிருக்கிறது.

60 மில்லி லார்ஜ், 42.8 சதவீதச் சரக்கு என்றால் சுமார் 20 கிராம் சாராயம். இரண்டுக்கு 40. இந்த கிராமை உடல் நீர் லிட்டரால் வகுத்து 80ஆல் பெருக்கினால் 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று வரும் (ரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால் அந்த 80). எனக்கு 81, அவனுக்கு 83. மொத்தமும் ஒரே நொடியில் ரத்தத்தில் கலந்தால் வரும் எண் இது. நேரம் போகப் போகக் கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 15 குறைக்கும், சாப்பாடும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். மெஷின் காட்டிய 0.047 என்பது இந்தக் கணக்கில் 47, அது குறைவாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

தோழிக்கும் 32 சதவீதம் கொழுப்பு, பெண்களுக்கு இது வெகு சாதாரணம். 60 கிலோவில் 29.8 லிட்டர் நீர். 40ஐ அதனால் வகுத்து 80ஆல் பெருக்கினால் 107. இதையே விட்மார்க்கின் எண்ணாக மாற்றிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நண்பனுக்கு 0.80 வருகிறது, அவளுக்கு 0.62. ஆணான எனக்கும் 0.62தான். ஆண்-பெண் வித்தியாசம் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி கொழுப்பின் வித்தியாசம். பெண்ணின் இரைப்பையிலேயே சாராயம் குறைவாகச் சிதைகிறது என்றும் சொல்வார்கள், அதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த வித்தியாசம் உறைப்பது இறங்கும் நேரத்தில்தான். நம் நாட்டில் வண்டி ஓட்ட வரம்பு 30. 81இலிருந்து அங்கே இறங்க எனக்குச் சுமார் மூன்றரை மணி நேரம், 107இலிருந்து அவளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஒன்பது மணிக்குக் குடித்து ஒன்றாகக் கிளம்பினாலும் நள்ளிரவு தாண்டி இருவரும் வேறு வேறு இடத்தில் இருப்போம். இந்த எண்ணை நம்பி சாவியைக் கையில் எடுக்கவும் முடியாது. மணிக்கு 15 என்பதே சராசரி, ஒருவருக்கு 10, இன்னொருவருக்கு 20.

நீரை எப்படி அளப்பது என்றால், வெறுங்காலோடு ஏறி நிற்கும் ஸ்மார்ட் எடை மெஷின் போதும். கொழுப்பு சதவீதத்தோடு நீர் சதவீதத்தையும் காட்டும். எனக்கு 50ஐ ஒட்டி வருகிறது. காலில் மெல்லிய மின்சாரம் விட்டு ஊகிக்கிற கருவி என்பதால் அதன் வாக்கை வேதமாக எடுக்கக் கூடாது. குடித்த மறுநாள் காலை நின்றேன், எண் எங்கோ போய்விட்டது. பல் துலக்கி, பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், ஒரு வாரம் நின்று சராசரி எடுத்தால் நிற்கும். ஒல்லியாகத் தெரியும் நம் ஆட்கள் இதில் ஒருமுறை நின்று பார்க்கலாம். ஒரே உயரம், ஒரே எடையில் ஐரோப்பியரைவிட நம்மவர்களுக்குக் கொழுப்பு கூடுதலாக இருப்பது வழக்கம், அந்த 0.68 நமக்குத் தாராளம்.

நீர்க் கணக்கு கைவிடும் இடம் ஒன்று உண்டு. அன்று எண் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் நான் நிதானமாகப் பேசினேன், நண்பனுக்கு நாக்கு குழறியது. அவன் வருடத்துக்கு இரண்டு முறை குடிப்பவன், நான் வாராவாரம். மூளை பழகிவிட்டால் போதை தெரியாது, ரத்தத்தில் இருப்பது அப்படியே இருக்கும். முதல் முக்கால் மணி நேரத்தில்தான் தலை அதிகம் சுற்றியது என்றாள் தோழி. எண் ஏறும்போது உணர்வது அதிகம், அதே எண் இறங்கும்போது குறைவு. மாதவிலக்கு நாட்களில் மாறுமா என்றும் கேட்டாள், அதில் எனக்கு அனுபவம் கிடையாது என்று கைவிரித்துவிட்டேன்.

அடுத்த முறை கூடியபோது அவளே கணக்குப் போட்டு ஸ்மால் சொன்னாள். மூன்று ஸ்மால், 30 கிராம், 29.8 லிட்டரில் 81. எனக்கு இரண்டு லார்ஜுக்கு வந்த அதே எண். பில்லை மட்டும் மூன்றாகத்தான் பிரித்தோம், அதற்கு இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.