கடை வாரியாக விளம்பரக் கணக்கு: பழைய தரவை நம்புவதா, ஊரைப் பிரித்துச் சோதிப்பதா?

வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்துக்குத் தமிழ்நாடு முழுக்க நாற்பது சொச்சம் கிளைகள். எந்த ஊரில் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழித்தால் விற்பனை எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுத் தர வேண்டும் என்பது வேலை. செலவில் பெரும்பகுதி நாளிதழின் வட்டாரப் பதிப்பு, உள்ளூர் கேபிள், எஃப்.எம்., நோட்டீஸ். வழிகள் மூன்று இருந்தன. பழைய வாராந்திர விற்பனையையும் செலவையும் வைத்து, செலவு ஏறினால் விற்பனை எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு எண்ணாகச் சொல்லும் ரிக்ரெஷன் போடலாம். அதையே கிளைக்கொரு எண் வருகிற மாதிரி அடுக்கு மாடலாக விரிக்கலாம். அல்லது சில வட்டாரங்களில் விளம்பரத்தைக் கூட்டி, மற்றவற்றை அப்படியே விட்டுப் பார்க்கலாம். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற இரண்டையும் தூக்கிப் போடவில்லை. பட்ஜெட் முடிவுக்கு மட்டும் அவற்றை நம்பவில்லை.

ரிக்ரெஷனின் வசதி தெரிந்ததுதான். தரவு ஏற்கெனவே இருக்கிறது, செலவில்லை, ஒரு வாரத்தில் பதில் வந்துவிடும். R-இல் fixest தொகுப்பை ஏற்றிக்கொண்டால் இவ்வளவுதான்:

```
feols(log(sales) ~ log(1 + adstock) | store + week,
      cluster = ~ad_area, data = d)
```

`store` பெரிய கடை, சின்னக் கடை வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளும். `week` ஆடித் தள்ளுபடி, தீபாவளி மாதிரி எல்லாக் கிளைக்கும் பொதுவான ஏற்ற இறக்கத்தை எடுத்துக்கொள்ளும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20 என்று நகர்ந்துகொண்டே இருப்பதால், "போன வருஷம் இதே வாரம்" என்ற ஒப்பீட்டைவிட இது எவ்வளவோ மேல். `adstock` என்பது முந்தைய வாரங்களின் செலவில் ஒரு பங்கை இந்த வாரத்துக்கும் கொண்டுவருவது. பேப்பரில் பார்த்த விளம்பரம் அன்றைக்கே மறந்துபோவதில்லை அல்லவா.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி. அந்தச் செலவை யார், எதைப் பார்த்து நிர்ணயித்தார்கள்? பல நிறுவனங்களில் நடப்பது இதுதான்: வட்டார மேலாளர் வரப்போகும் விற்பனையை மனசுக்குள் கணித்து, அதில் இத்தனை சதவீதம் என்று விளம்பரத்துக்குக் கேட்கிறார். பக்கத்தில் புதுக் குடியிருப்பு வருகிறது, அறுவடை நன்றாக இருக்கிறது, எதிர்க்கடை மூடப்போகிறது என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். விற்பனை எப்படியும் ஏறப்போகிற ஊருக்குத்தான் பணம் போகிறது. மாடலுக்கு இந்தச் சேதி தெரியாது. ஏற்றம் முழுவதையும் அது விளம்பரத்தின் கணக்கில் எழுதிவிடும். கடை வாரியாக, வார வாரியாகச் சரிக்கட்டினாலும் இது போகாது, ஏனென்றால் இது அந்த ஊரில் அந்த மாதம் மட்டும் நடக்கிற விஷயம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதே ரிக்ரெஷனில் நாலு வாரம் கழித்து வரப்போகும் செலவையும் ஒரு காரணியாகச் சேருங்கள். அடுத்த மாத விளம்பரம் இந்த வார வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லை, எனவே அதன் விளைவாக மாடல் தரும் எண் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். நன்றாகவே மேலே நின்றால், உங்கள் தரவில் செலவு விற்பனையைத் துரத்துகிறது என்று அர்த்தம். நான் ஓட்டியபோது எதிர்காலச் செலவின் எண் நடப்புச் செலவின் எண்ணுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்தது. அதற்கப்புறம் அந்த மாடலை வைத்து யாருக்கும் பட்ஜெட் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிழை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஈபேயின் கணக்கு பகிரங்கமாகவே இருக்கிறது. 2012-இல் அவர்கள் அமெரிக்காவின் சந்தைப் பகுதிகளில் சுமார் 30 சதவீதத்தில் தேடுபொறி விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். சாதாரண ரிக்ரெஷன் போட்ட பணத்துக்கு 4,000 சதவீதத்துக்கு மேல் வருமானம் காட்டியது. பகுதியையும் காலத்தையும் சரிக்கட்டிய பிறகும் 1,600 சதவீதத்துக்கு மேல். சோதனை காட்டியதோ 63 சதவீத நஷ்டம். அது தேடுபொறி, நம்முடையது நாளிதழும் கேபிளும், அதனால் அந்த எண்களை அப்படியே இங்கே தூக்கி வர முடியாது. ஆனால் வழக்கமான சரிக்கட்டல்கள் போதவில்லை என்பது இங்கேயும் பொருந்தும்.

அடுக்கு மாடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக ரிக்ரெஷன் போட்டால் சில கிளைகளில் விளம்பரம் விற்பனையைக் குறைப்பதாக வரும், வெறும் இரைச்சல். அடுக்கு மாடல் அந்த எண்களைச் சராசரியை நோக்கி இழுத்து ஒழுங்கு செய்யும். சராசரியே வீங்கியிருந்தால் நாற்பது கிளைக்கும் வீங்கிய எண்தான் கிடைக்கும், பார்க்க மட்டும் அழகாக இருக்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில் அலகு. நாளிதழின் ஒரு வட்டாரப் பதிப்பு நாலைந்து கிளைகளை மூடிவிடுகிறது. "கடை வாரியான செலவு" என்று எக்செலில் இருந்தது, பதிப்பின் பில்லைக் கணக்குப் பிரிவினர் விற்பனை விகிதத்தில் பிரித்துப் போட்டது. அது அளந்த எண்ணே இல்லை. ஆகவே நாற்பது கடை என்றாலும், சோதனைக்கு இருப்பது எட்டு வட்டாரம்தான். ஒரே ஆட்கள் இரண்டு கடைக்கும் போகிற பக்கத்துப் பக்கத்து ஊர்களையும் சோதனையின் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே போட்ட விளம்பரத்தின் விற்பனை அங்கே விழும்.

இனி கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு. ஒரு கடையின் வார விற்பனை 20 லட்சம், மொத்த லாபம் 20 சதவீதம். வாரம் 10,000 ரூபாய் கூடுதல் விளம்பரம் தன் செலவைத் திரும்ப எடுக்க 50,000 ரூபாய் கூடுதல் விற்பனை வேண்டும். அது 2.5 சதவீதம். எட்டு வார சராசரியில் ஒரு வட்டாரத்தின் விற்பனை விளம்பரம் இல்லாமலே 3 சதவீதம் அப்படி இப்படி ஆடும் என்று வையுங்கள். நாலுக்கு நாலு என்று பிரித்தால், இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் ஆட்டம் சுமார் 2.1 சதவீதம். நம்பிச் சொல்ல அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, அதாவது 6 சதவீத ஏற்றம் வேண்டும். 2.5 சதவீதம் உண்மையிலேயே இருந்தாலும் கண்ணில் படாது.

அதனால் சோதனையில் பணத்தைத் தூவக் கூடாது, ஓரிடத்தில் கொட்ட வேண்டும். கடைக்கு வாரம் 30,000 கூட்டினால், செலவைத் திரும்ப எடுக்க 7.5 சதவீத ஏற்றம் வேண்டும். இது அளவுகோலுக்குள் வருகிறது. எந்த நாலு வட்டாரம் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும், மேலாளரிடம் கேட்கக் கூடாது. கடைசியில் சரிபார்க்கவும் அந்தக் குலுக்கலே உதவும். எட்டில் நாலை 70 விதமாகப் பிரிக்கலாம். எழுபதுக்கும் வித்தியாசத்தைக் கணக்கிட்டு, நிஜப் பிரிவு மேலிருந்து எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

இதற்கும் குறைகள் உண்டு, கொஞ்சமல்ல. 30,000 ரூபாயில் வந்த விளைவை மூன்றால் வகுத்து 10,000 ரூபாயின் விளைவு என்று சொல்ல முடியாது. முதல் பத்தாயிரம் கடைசிப் பத்தாயிரத்தைவிட அதிகம் வேலை செய்திருக்கலாம். தீபாவளி நேரத்தில் சோதனைக்கு நிர்வாகம் சம்மதிக்காது, மந்தமான மாதம்தான் கிடைக்கும், பதிலும் மந்தமான மாதத்துக்குத்தான் செல்லும். கடையின் பெயர் மனசில் பதிந்து இரண்டு வருஷம் கழித்து ஃபிரிட்ஜ் வாங்க வருகிறவர் எட்டு வாரத்தில் அகப்பட மாட்டார். எந்தக் கிளை சிறந்தது என்ற பதிலும் இதில் இல்லை, எல்லாம் சேர்ந்த ஒரே சராசரிதான்.

வட்டாரம் எட்டுக்கும் குறைவென்றால் ஒரே சுற்றை நம்பி இறங்க மாட்டேன். நாலே வட்டாரம் என்றால் இரண்டுக்கு இரண்டு பிரிக்க ஆறு வழிதான், எதையும் நிரூபிக்க முடியாது. அங்கே எட்டு வாரத்துக்கு ஒரு முறை இரு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் போடலாம், முந்தைய சுற்றின் தாக்கம் அடுத்ததில் ஒட்டிக்கொள்ளும் என்ற சிக்கலோடு. பின்கோடு வாரியாக விடும் மொபைல் விளம்பரத்தில் அலகு சிறிதாவதால் இந்தக் கஷ்டம் குறைய வேண்டும். அதில் எனக்கு அனுபவம் குறைவு, ஆனால் விளம்பரம் உண்மையிலேயே அந்தப் பின்கோடு ஆட்களுக்குத்தான் போகிறதா என்று வாடிக்கையாளர் பில்லில் இருக்கும் முகவரியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தொடங்க மாட்டேன்.