விற்பனை ஏறியும் லாபம் இறங்கியது ஏன்: இரட்டைத் தூணா, வாட்டர்ஃபாலா?

மும்பை மாதுங்காவில் பெரியப்பாவுக்குக் காப்பித்தூள் கடை. போன வருட லாபம் 24 லட்சம், இந்த வருடம் 20. “இருபதாயிரம் கிலோ வித்த இடத்துல இருபத்திரெண்டாயிரம் வித்திருக்கேன். விலையும் ஏத்தினேன். அப்புறம் எப்படிடா குறையும்?” என்றார்.

முதலில் எக்செல்லில் போன வருடத்தையும் இந்த வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரட்டைத் தூண் படம் போட்டேன். விற்பனை 120 லட்சத்திலிருந்து 140.8, கொட்டைச் செலவு 80லிருந்து 101.2, வாடகையும் சம்பளமும் 16லிருந்து 19.6. எல்லாத் தூணும் வளர்ந்திருக்கிறது, லாபத் தூண் மட்டும் குட்டை. அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

அடுத்து வாட்டர்ஃபால் படம். 24இல் தொடங்கி, ஒவ்வொரு பட்டையும் முந்தையது நின்ற இடத்திலிருந்து ஏறும் அல்லது இறங்கும், கடைசியில் 20. ஆனால் அதே வரவு செலவு வரிகளை அப்படியே போட்டால் விற்பனை +20.8, கொட்டை −21.2, மற்றவை −3.6 என்று வரும். இது சரியான கூட்டல், தவறான கதை. அந்த 21.2இல் 8 லட்சம், கூடுதலாக விற்ற 2,000 கிலோவுக்கு வாங்கிய கொட்டை. அது நஷ்டமே இல்லை.

எனவே காரணவாரியாகப் பிரித்தேன். போன வருடம் கிலோ 600 ரூபாய்க்கு விற்று, கொட்டைக்கு 400 போக 200 நின்றது. கூடுதல் 2,000 கிலோவை அந்த 200ஆல் பெருக்கினால் +4 லட்சம். விலை 40 ரூபாய் ஏற்றியது, 22,000 கிலோவுக்கு +8.8. கொட்டை 60 ரூபாய் ஏறியது, −13.2. வாடகை, சம்பளம் −3.6. கூட்டினால் சரியாக 20.

கொட்டையின் சிவப்புப் பட்டையைப் பார்த்ததும் பெரியப்பா, “நாப்பது ஏத்தினேன், அது அறுபது ஏறிடுச்சா!” என்றார். தூண் படத்தில் இது வரவே வராது.

இதிலும் கொஞ்சம் நம் கைவேலை உண்டு. விலை ஏற்றத்தைப் பழைய 20,000 கிலோவுக்குக் கணக்கிட்டால் 8.8க்குப் பதில் 8தான். மீதி, கிலோ கூடியதன் கணக்கில் போய்விடும். எந்த முறையானாலும் வருடா வருடம் அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

எக்செல் 2016 முதல் இந்தப் படம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் கடைசிப் பட்டையைத் தனியாகத் தேர்ந்து, வலது கிளிக்கில் `Set as total` கொடுக்காவிட்டால், அது இருபதின் மேல் இருபதாக ஏறி 40இல் போய் நிற்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் நின்றது.

அப்புறம் பெரியப்பா ஐந்து வருடக் கணக்கையும் இப்படியே கேட்டார். பட்டைகள் இருபதைத் தாண்டிவிடும். அதற்கு வருடத்துக்கு ஒரு லாபத் தூண்தான் போட்டுக் கொடுத்தேன்.