ஆச்சியின் வாய்க்கு எது சரி: தானியங்கி ரீமெஷா, கையால் செய்யும் ரீடோப்போலஜியா?

நான் கைவேலைப் பக்கம்தான், முதலே சொல்லிவிடுகிறேன். வெற்றிலை மென்றபடி கதைக்கிற ஒரு யாழ்ப்பாணத்து ஆச்சியை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செதுக்கியிருந்தேன். தலை மட்டும் பத்து லட்சம் பொலிகனைத் தாண்டிவிட்டது, அதை அப்படியே எலும்பு பூட்டி ரிக் பண்ணி ஆட்டுவது நடக்காத காரியம். அதன்மேல் குறைந்த பொலிகனில் புதிதாக ஒரு மெஷ் போடவேண்டும். அதை மென்பொருளிடம் விடுவது ரீமெஷ், கையால் வரைவது ரீடோப்போலஜி.

தானியங்கி வழி கெதியானது. பிளெண்டரிலேயே இருக்கிற குவாட்ரிஃப்ளோ ரீமெஷில் 5000 பொலிகன் முகங்கள் என்று கேட்டால் கொஞ்ச நேரத்தில் தந்துவிடும், பார்க்கவும் வடிவாக இருக்கும், எல்லாம் நாற்கோணம். ஆனால் Alt-ஐப் பிடித்துக்கொண்டு உதட்டோரத்தில் ஒரு எட்ஜைக் கிளிக் பண்ணிப் பாருங்கள். லூப், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் எட்ஜ்களின் வரிசை, வாயைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வரவேண்டும். தானியங்கி மெஷில் அது பெரும்பாலும் கன்னத்துப் பக்கம் விலகிப் போகும், அல்லது பாதியில் நின்றுவிடும். கைகால்களில் சுருளாக ஏறுவதும் உண்டு.

எனக்கு முடிவைத் தந்தது பிறகு வரும் பராமரிப்புதான். வாயைத் திறந்தால் உதட்டு மூலை கசங்குகிறது, அங்கே ஒரு லூப் கூட்டலாம் என்று Ctrl+R அடித்தால், வெட்டு வாயைச் சுற்றி நிற்காமல் முகம் முழுக்க அலைகிறது. அதற்குள் யுவி விரித்து, நோர்மல் மேப் பேக் பண்ணி, முகபாவங்களுக்கான ஷேப் கீகளும் செய்து முடித்திருந்தால் மெஷை மாற்றும்போது அநேகமாக எல்லாவற்றையும் திரும்பத் தொடவேண்டும்.

கையால் செய்யும்போது மிரர், ஷ்ரிங்க்ராப் மொடிஃபையர்களைப் போட்டு, புதுப் புள்ளிகள் செதுக்கிய முகத்தில் ஒட்டும்படி ஸ்னாப்பை இயக்கிவிட்டு, முதலில் உதட்டு வளையத்தை வரைந்தேன். மேலுதட்டிலும் கீழுதட்டிலும் ஒரே எண்ணிக்கையில் புள்ளிகள் இருந்தால் வாய் மூடும்போது ஒன்றோடொன்று பொருந்தும். அப்புறம் வெளியே ஒவ்வொரு வளையமாக, பிறகு கண்களைச் சுற்றி, கடைசியில் மூக்கின் மேலிருந்து வாயோரமாக இறங்கி நாடிக்குக் கீழே சுற்றும் பெரிய வளையம். இந்த ஓட்டங்கள் சந்திக்கும் இடத்தில் ஐந்து எட்ஜ் கூடும் புள்ளி ஒன்று வந்தே தீரும், தவிர்க்கவே முடியாது. அதை அதிகம் அசையாத கன்ன எலும்புப் பக்கம் தள்ளிவிடவேண்டும். வாய் மூலையில் விட்டால் மெல்லும்போதெல்லாம் அந்த இடம் கிள்ளினதுபோல் சுருங்கும். இதெல்லாம் மணித்தியாலக் கணக்கில் இழுக்கும் வேலை என்பதும் உண்மைதான்.

ஸீபிரஷ் என்ற செதுக்கும் மென்பொருளில் உள்ள தானியங்கி ஸீரீமெஷரில் வழிகாட்டிக் கோடுகள் வரைந்து கொடுத்தால் ஓட்டம் நன்றாகத் திருந்துகிறது. சிநேகிதனின் கணினியில் கொஞ்சம்தான் தொட்டுப் பார்த்தேன், அதனால் அதை அடித்துச் சொல்லமாட்டேன். கோடுகளை அது கட்டாயமாகப் பின்பற்றுவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஆச்சியின் வெற்றிலைத் தட்டம், பாக்குவெட்டி, கொண்டை மூன்றையும் குவாட்ரிஃப்ளோவிடமே கொடுத்துவிட்டேன். வளையாத சாமானுக்கு லூப் எப்படி ஓடினால் என்ன.